மகளின் கயிறு, அம்மாவின் குதி

*வயது 42. காலை நாலரைக்கு எழுந்து கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் டிபன் பாக்ஸ் கட்டுகிறேன். எனக்கென்று கிடைப்பது ராத்திரி சாப்பிட்டு, பாத்திரம் கழுவிய பிறகு வரும் அரை மணி நேரம்தான். ஒரு மாதமாக மகளின் ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறேன். நெஞ்சு கரிக்கிறது, முன்கால் எலும்பு வலிக்கிறது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, குதிக்கும்போது சிறுநீரும் சொட்டுகிறது. விட்டுவிடலாமா?*

விட வேண்டாம். முதலில் கயிற்றை மாற்றுங்கள்.

கயிற்றின் நடுவை ஒரு காலால் மிதித்து, இரண்டு பிடிகளையும் மேலே இழுத்துப் பாருங்கள். அவை அக்குள் வரை வர வேண்டும். பள்ளிப் பிள்ளையின் கயிறு உங்களுக்கு இடுப்புக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். கட்டையான கயிறு காலில் தட்டாமலிருக்க, நம்மை அறியாமலே முதுகைக் குனிந்து அரையடி உயரம் எம்பிக் குதிப்போம். உண்மையில் ஒரு அங்குலம் எம்பினால் போதும், கயிறு தாண்டிவிடும். மீதி உயரமெல்லாம் விழும்போது முன்காலிலும் அடிவயிற்றிலும் இடியாக இறங்குகிறது. 'தொம்' என்று சத்தம் கேட்டால் உயரம் அதிகம் என்று அர்த்தம். முழங்காலை லேசாக மடக்கி, முன்பாதத்தில் இறங்குங்கள். சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு குதிக்காமல் ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

சிறுநீர் சொட்டுவது பிரசவம் கண்ட பெண்கள் பலருக்கும் உண்டு. இடுப்புத் தளத் தசை தளர்ந்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். வாயுவை அடக்குவதுபோல அந்தத் தசையை மேலே இழுத்து ஐந்து விநாடி பிடித்து, ஐந்து விநாடி முழுசாக விடுங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போதே செய்யலாம், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. மூச்சை அடக்கவோ பிட்டத்தை இறுக்கவோ கூடாது. பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம். அதுவரை குதிக்கும் முன் சிறுநீர் கழித்துவிடுங்கள். ஆனால் அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடாதீர்கள்.

நெஞ்சு கரிப்புக்குப் பெரும்பாலும் நேரம்தான் காரணம். நிறைந்த வயிறு குலுங்கினால் அமிலம் மேலேறும். வயிறு நிறையச் சாப்பிட்டால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நாலரைக்கு எழுகிறவர் பத்தரைக்குக் குதித்துவிட்டு எப்போது தூங்குவது? அதனால் வரிசையை மாற்றுங்கள்: ஏழரைக்குக் கயிறு, எட்டுக்குச் சாப்பாடு, பிறகு மறுநாள் டப்பாவுக்குப் பீன்ஸ் நறுக்குவது. நறுக்குகிற வேலைக்கு வயிறு நிறைந்திருந்தால் பாதகமில்லை.

எலும்பு வலி அடங்கும்வரை குதிக்காமல் நடங்கள். பிறகு இருபது விநாடி குதித்து நாற்பது விநாடி நிற்பது, இப்படிப் பத்துச் சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். எலும்பில் விரல் வைத்தால் ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்தாலோ, நடந்தாலே வலித்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அது நுண்முறிவாக இருக்கலாம். சிறுநீரில் எரிச்சலோ ரத்தமோ தெரிந்தாலும், நெஞ்சு கரிப்பு கையில் பரவும் வலியாகவோ மூச்சுத்திணறலாகவோ மாறினாலும் மருத்துவமனைக்குத் தாமதிக்காமல் போங்கள்.