பாதியில் போனவர்களை எப்படிக் கணக்கிடுவது?

> “ஹட்டனில் 400 தோட்டத் தொழிலாளர்களை 2 வருடம் தொடர்ந்தோம். 24 பேருக்குப் புதிதாக நீரிழிவு. சிலர் இடையில் கொழும்புக்குப் போய்விட்டார்கள். 6% என்று போடலாமா?”

வேண்டாம் தம்பி. போனவர்களையும் முழு 2 வருடம் இருந்தவர்களாக எண்ணிவிடுகிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காலம் கூட்டுங்கள். தீபாவளிக்குப் பிறகு லயனை விட்டுப் போனவருக்குக் கடைசி இரத்தப் பரிசோதனை ஆய்வு தொடங்கி 12ஆம் மாதம் என்றால் 1 ஆண்டுதான்; போன தேதி வரை நீட்டாதீர்கள். 12இல் சரியாக இருந்து 24இல் நோய் தெரிந்தவருக்கு நடுப்புள்ளியை எடுப்பது வழக்கம்: 1.5 ஆண்டு. அதன்பின் அவர் காலம் சேராது.

கூட்டினால் 640 நபர்-ஆண்டு வருகிறது என்று வைப்போம். 24/640, அதாவது 1000 நபர்-ஆண்டுக்கு 37.5, பாய்சான் முறையில் 95% நம்பிக்கை இடைவெளி 24.0 முதல் 55.8. பக்கத்திலேயே பின்தொடர்தல் காலத்தின் இடைநிலை, எத்தனை மாதத்துக்கு ஒரு பரிசோதனை, எத்தனை பேர் ஏன் விலகினார்கள் என்பதையும் எழுதுங்கள். இளைஞர்களே அதிகம் போயிருந்தால் வீதம் கூடித் தெரியலாம்.