ஒகேனக்கலில் கையைப் பிடித்தவர் வீட்டில் ஏன் மறக்கிறார்? – கேள்வி பதில்

தருமபுரியில் 17 வருடமாகக் குடும்ப ஆலோசனை செய்துவருகிறேன். வெளியே போனால் தாங்குகிறார், வீட்டுக்கு வந்ததும் நான் இருப்பதே தெரிவதில்லை என்ற வருத்தத்தோடு வந்த கேள்விகளில் ஐந்துக்கு இன்று பதில் சொல்கிறேன். முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

கிருஷ்ணகிரி வாசகி: அக்கா, போன மாதம் ஒகேனக்கல் போனோம். பரிசலில் என் கையை விடவே இல்லை. பொரித்த மீனில் முள் எடுத்து எடுத்து என் இலையில் வைத்தார். வந்து பத்து நாளாகப் பல்வலி என்கிறேன், டாக்டரிடம் போனாயா என்று ஒரு வார்த்தை இல்லை. ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அங்கே காட்டியது நடிப்பா?

நடிப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்மா. பரிசலில் உங்களைக் கவனிக்க அவர் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பரிசல் ஆடுகிறது, பக்கத்தில் நீங்கள் பயந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், கை தானாக நீளும். மீன் இலையில் இருக்கிறது, முள் கண்ணில் படுகிறது. பல்வலி அப்படி இல்லை. காலையில் காதில் விழுந்ததை, எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்று, கம்பெனி பஸ்ஸில் தூங்கி இறங்கிய பிறகு, யாரும் சொல்லாமல் தானே எடுத்துக் கேட்க வேண்டும். கண்ணெதிரே இருப்பதைக் கவனிப்பது வேறு, கண்ணில் படாததை நினைத்துக் கேட்பது வேறு. முன்னது நன்றாக வருகிறவர்களில் பலருக்குப் பின்னது வராது. அதனால் உங்களுக்கு வலிக்கக் கூடாது என்று சொல்லவில்லை.

உங்களைப் போலவே ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். அடையாளத்தை மாற்றிச் சொல்கிறேன். கணவருக்கு வாரம் ஒரு ஷிப்ட்: காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் 10, இரவு 10 முதல் 6. அந்தப் பெண்ணை மூன்று வாரம் ஒரு நோட்டு போடச் சொன்னேன். "மாடியில் தண்ணீர் ஒழுகுது", "அம்மா போன் பண்ணாங்க" என்று இவர் எதையாவது சொல்லும்போது கணவர் நிமிர்ந்து பார்த்தாரா, பதில் சொன்னாரா, இல்லை காதிலேயே வாங்கவில்லையா, அவ்வளவுதான். அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் புதுமணத் தம்பதிகளிடம் இதைத்தான் எண்ணினார். ஆறு வருடம் கழித்துப் பார்த்தால், சேர்ந்து இருந்தவர்கள் இப்படிப்பட்ட சின்னப் பேச்சுக்கு 100க்கு 86 தடவை முகம் கொடுத்திருந்தார்கள், பிரிந்தவர்கள் 33 தடவைதான். அந்த எண்ணை வைத்து உங்கள் வீட்டுக்கு ஜோசியம் பார்க்காதீர்கள். எதை எண்ணினார் என்பதுதான் நமக்கு வேண்டியது.

நோட்டில் என்ன இருந்தது? காலை ஷிப்ட் வாரத்தில் பாதிக்கு மேல் பதில் வந்திருந்தது. மதிய ஷிப்ட் வாரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அந்த வாரம் அவர் வீடு சேரும்போது மணி பதினொன்றரை. இவர் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்போது அவர் தூக்கம். இருவரும் விழித்திருந்து முகம் பார்த்தது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. "என்னை மறந்துட்டார்" என்று ஒட்டுமொத்தமாக இருந்த வருத்தம் அப்போதுதான் இன்ன வாரம், இன்ன நேரம் என்று பிரிந்து தெரிந்தது.

அப்புறம் ஒரே ஒரு ஏற்பாடு. காலை ஷிப்ட் வாரத்தில் அவர் வந்து செருப்பைக் கழற்றியதும், போனை எடுக்கும் முன், கால் மணி நேரம் டீ. மதிய ஷிப்ட் வாரத்தில் சாயங்கால இடைவேளையில் கேன்டீனிலிருந்து ஒரு போன். "நேரம் கிடைக்கும்போது பேசுறேன்" என்றால் நேரம் கிடைக்காது. செருப்பு, டீ, இடைவேளை மணி என்று கட்டாயம் நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போட வேண்டும். முதல் பத்து நாள் சொதப்பியது. அந்தக் கால் மணி நேரத்தில் இவர் கேஸ் புக் பண்ணணும், ஸ்கூல் பீஸ் கட்டணும் என்று ஆரம்பிக்க, அவர் டீ டம்ளரோடு வாசலுக்கு நழுவினார். அந்தப் பட்டியலை ஞாயிறு காலைக்கு ஒதுக்கிய பிறகுதான் பேச்சு வந்தது. ஆறாவது வாரம் அவராகவே "உன் முட்டி வலி எப்படி இருக்கு?" என்று இரண்டு தடவை கேட்டதாக நோட்டில் இருந்தது. மதிய ஷிப்ட் வாரம் மட்டும் இன்னும் சரியாகவில்லை.

நீங்கள் முதலில் நாளைக்கே பல் டாக்டரிடம் போய்விடுங்கள். அவர் கேட்கட்டும் என்று வலியைத் தாங்கிக்கொண்டு இருக்காதீர்கள்.

ஓசூர் வாசகர்: பயணத்தில்தான் ஒருவருடைய நிஜ குணம் தெரியும் என்பார்கள். பசி, களைப்பு, பணம் எல்லாம் அங்கே வெளியே வரும். அங்கே நல்லவர் என்றால் நல்லவர்தானே?

பாதி சரி சார். பஸ் தவறினால் கத்துகிறாரா, தண்ணீர் அதிகம் என்று பரிசலை நிறுத்திவிட்டால் யார்மேல் எரிந்து விழுகிறார் என்பதெல்லாம் பயணத்தில் தெரியும். கோபம் தெரியும், தாராளம் தெரியும். ஆனால் பயணம் ஞாயிறு இரவு முடிந்துவிடும் என்று போகும்போதே தெரியுமே! இரண்டு நாள் முழுக் கவனம் கொடுப்பது எல்லோராலும் முடியும். மூன்றாவது வாரம் என்ன செய்வார் என்பதை அந்த இரண்டு நாள் காட்டாது.

பாலக்கோடு வாசகி: மேடம், என் மகன் பெங்களூரில் இருக்கிறான். மாதம் ஒரு தடவை வந்து அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குக் காரில் கூட்டிப்போகிறான், கையைப் பிடித்துப் படி இறக்கிவிடுகிறான். நடுவில் போனே கிடையாது. மருமகள் சொல்லித்தான் இப்படியா?

அம்மா, மேலே பேசியது கணவன் மனைவி விஷயம், ஆனாலும் உங்கள் வருத்தமும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. மருமகளை இதில் இழுக்க நீங்கள் எழுதியதில் ஒரு காரணமும் இல்லை. அடுத்த தடவை கோயிலிலிருந்து திரும்பும்போது காரிலேயே கேளுங்கள்: "புதன்கிழமை ஆபீஸ் விட்டு வண்டியில் ஏறினதும் அஞ்சு நிமிஷம் பேசுப்பா." "நீ போனே பண்றதில்லை" என்று ஆரம்பித்தால் அவன் சமாதானம் சொல்வான், அதோடு முடிந்துபோகும்.

தருமபுரி, பெயர் வேண்டாம்: கல்லூரியிலிருந்து பழக்கம், மூன்று வருடம். ஏற்காடு, ஏலகிரி போனால் என்னைத் தவிர யாரையும் பார்க்க மாட்டான். திங்கள் முதல் வெள்ளி வரை மெசேஜுக்குப் பதிலே இல்லை. அடுத்த டிரிப் பேச்சு எடுத்தால் உடனே பதில் வருகிறது. மறதிதானே அக்கா?

உங்களுக்கு மேலே சொன்ன பதிலைச் சொல்ல மாட்டேன். டிரிப் என்றதும் உடனே பதில் வருகிறது என்றால் மெசேஜ் கண்ணில் படுகிறது, கையும் ஓய்வாக இருக்கிறது. போன பயணத்தில் நீங்கள் மனம்விட்டுச் சொன்ன ஏதாவது ஒன்று அவன் ஞாபகத்தில் இருக்கிறதா, காய்ச்சல் என்று சொன்ன நாளில் என்ன செய்தான், இந்த இரண்டையும் யோசித்துப் பாருங்கள். அப்புறம் ஒன்று கேளுங்கள்: வேலை நாளில், நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அரை மணி நேரம் ஒரு டீ. தேதி சொல்லிக் கேளுங்கள். ஒரு தடவை தட்டினால் வேலை இருக்கலாம். மூன்று தடவை தட்டிவிட்டு, நான்காவதாக ஏற்காட்டுக்குக் கூப்பிட்டால், ஊருக்குள் உங்களோடு தெரிய அவனுக்கு விருப்பம் இல்லை என்றே நான் நினைப்பேன். வீட்டுக்குப் பயமா, மனசே இல்லையா என்பதை அவன் வாயால்தான் கேட்க வேண்டும்.

பர்கூர் வாசகர்: நான்தான் அந்த மறக்கிற ஆள். மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை, சீசனில் தலை தூக்க முடியாது. போனில் தினமும் ஒரு மணிக்கு அலாரம் வைத்து "சாப்பிட்டியா" என்று அனுப்பினேன். அலாரத்தைப் பார்த்துவிட்டாள். "மிஷின் சொல்லித்தான் கேட்பியா" என்று ஒரு வாரமாகப் பேச்சு இல்லை.

அலாரம் வைத்தது தப்பே இல்லை தம்பி. தினமும் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தை வந்ததுதான் அவருக்கு வலித்திருக்கும். "சாப்பிட்டியா"வை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். காலையில் கிளம்பும்போது அவர் சொல்கிற ஒரு விஷயத்தை மட்டும் போனில் எழுதிக்கொள்ளுங்கள்: "தையல் மிஷின் ரிப்பேர்", "தங்கச்சி பரீட்சை". மதியம் அதைக் கேளுங்கள். எழுதி வைப்பதை அவரிடம் மறைக்காதீர்கள். சீசன் தொடங்கும் முன்பே எத்தனை வாரம் இப்படி இருக்கும் என்று காலண்டரில் காட்டிச் சொல்லிவிடுங்கள். எழுதி வைத்துக் கேட்பதும் அவருக்கு இயந்திரமாகத்தான் படுமா என்று என்னால் சொல்ல முடியாது. சில பெண்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்திருக்கிறது, இரண்டு பேர் கடைசி வரை ஏற்கவில்லை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.