பள்ளி வீடியோவின் கடைசி நிமிடம்: வாசகர் கேள்விகள்

ஆண்டு விழா வீடியோவில் 60 பேர் பெயரை ஓட விட்டேன். எழுத்துகள் விக்கி விக்கி நகர்கின்றன. கம்ப்யூட்டர் பழசு என்பதாலா?

பெரும்பாலும் இல்லை, கணக்குதான் காரணம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பெயர்கள் முழு பிக்சலாக நகர வேண்டும். ஒரு வரிக்கு 60 பிக்சல் என்றால் பட்டியலின் உயரம் 3600. கீழிருந்து நுழைந்து மேலே முழுதும் மறைய, திரையின் உயரமான 1080-ஐயும் சேர்த்து 4680 பிக்சல் பயணம். நீங்கள் 50 விநாடி கொடுத்திருந்தால், 25 ஃப்ரேம் வீதத்தில் அது 1250 ஃப்ரேம். வகுத்துப் பாருங்கள், ஃப்ரேமுக்கு 3.744 பிக்சல். சில ஃப்ரேமில் 4, சிலதில் 3 என்று தாவுவதுதான் கண்ணுக்கு விக்கலாகத் தெரிகிறது.

4 பிக்சல் என்று முதலில் முடிவு செய்துகொண்டு நேரத்தைக் கணக்கிடுங்கள்: 1170 ஃப்ரேம், அதாவது 46 விநாடி, 20 ஃப்ரேம். வேகமாகத் தெரிந்தால் 3 பிக்சல்; 1560 ஃப்ரேம் ஆகும். பாட்டு 50 விநாடி ஓடுகிறதே என்று பட்டியலை இழுக்காதீர்கள், பாட்டை வெட்டுங்கள். தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் கீஃப்ரேம் இரண்டும் Linear-ஆக, அதாவது ஒரே சீரான வேகத்தில் இருக்கட்டும். மெல்லத் தொடங்கி மெல்ல நிற்கும் Ease இருந்தால் நடுவில் வேகம் கூடிவிடும், கணக்கெல்லாம் வீண்.

எடிட்டிங் மென்பொருளில் 'கோமதி' என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி விழுகின்றன.

அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. அதனுடன் மல்லுக்கட்ட வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் 1920 அகலம், 3600 உயரத்தில் பக்கம் திறந்து, யூனிகோடில் பெயர்களை அடித்து, பின்னணி இல்லாத PNG-ஆக எடுத்து ஒட்டுங்கள். எழுத்து இடைவெளியைக் கூட்டாதீர்கள். கொம்பு தனியே பிரிந்து நிற்கும். ஒட்டியதும் பல மென்பொருள்கள் படத்தைத் திரைக்குள் அடங்கும்படி சுருக்கிவிடும். பெயர்கள் எறும்பு போலத் தெரிந்தால் அதுதான் விஷயம். அளவை 100 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். படம் நடுவில் இருக்கும் நிலையை 0 என்று வைத்தால், 2340 பிக்சல் கீழே தொடங்கி 2340 மேலே முடிய வேண்டும்.

கடைசி நன்றி அட்டையை எத்தனை விநாடி வைக்கலாம்?

நிதானமாக இரண்டு முறை வாய்விட்டுப் படிக்கும் நேரம். அதை ஓடும் பட்டியலோடு ஒட்டாமல் தனியே வையுங்கள். ஓடிவந்த வரி சட்டென்று நின்றால் வீடியோ சிக்கிக்கொண்டது போலிருக்கும். கடைசிப் பெயர் மறைந்ததும் அரை விநாடி கறுப்பு, அப்புறம் அட்டை மெல்லத் தெளியட்டும். நன்கொடையாளர் லோகோ ஏழெட்டு இருந்தால் இன்னொரு அட்டை போடுங்கள், ஒன்றிலேயே திணிக்காதீர்கள்.

அரங்கில் போடும் பிரதியில் அட்டைக்குப் பின் 10 விநாடி வெறும் கறுப்பு சேருங்கள். இல்லையென்றால் கைதட்டல் நேரத்தில் புரொஜெக்டரில் உங்கள் டெஸ்க்டாப் தெரியும். யூடியூப் பிரதியில் அந்தக் கறுப்பு வேண்டாம். அங்கே 'அடுத்த வீடியோ' பெட்டிகள் கடைசி 5 முதல் 20 விநாடிக்குள் வரும், அட்டையில் அதற்கு ஓரமாக இடம் விட்டால் போதும்.