ஊசிக்குப் பெயர் கேட்கலாமா?

எங்கள் வீட்டு நாட்டு நாய் மணிக்கு நான்கு வயது, இருபது கிலோ எடை. ஐந்து நாட்களாகக் காய்ச்சல், சாப்பாட்டைத் தொடுவதில்லை. பக்கத்துத் தெரு மருத்துவர் தினமும் இரண்டு ஊசி போடுகிறார். மாலையில் எழுந்து நடக்கிறான், மறுநாள் காலையில் மறுபடி சுருண்டு படுத்துவிடுகிறான். என்ன நோய் என்று கேட்டால் "சரியாகிவிடும்" என்கிறார். சீட்டு எதுவும் எழுதித் தருவதில்லை. நேற்றிரவு மூக்கிலிருந்து கொஞ்சம் ரத்தம் வந்தது. வேறு மருத்துவரிடம் காட்டலாமா? பல வருடம் பழகியவர், வருத்தப்படுவாரோ? நம்பகமான மருத்துவர் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகி, கரூர்

அன்புள்ள வாசகிக்கு,

இதழ் அச்சாகும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி இதுவல்ல என்பதால், கடிதம் கிடைத்த அன்றே உங்களைத் தொலைபேசியில் அழைத்து, மணியை அன்றைக்கே ரத்தப் பரிசோதனை வசதியுள்ள இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அப்படிச் சொன்னதற்கான காரணத்தையும், உங்கள் மற்ற கேள்விகளுக்கான பதிலையும் அன்று சொன்னபடியே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் ஒரு நாய்க்குக் காய்ச்சலும் பசியின்மையும் இருந்து, மூக்கிலிருந்து ரத்தமும் வந்தால், மருத்துவரின் மனதில் முதலில் வரவேண்டியது உண்ணிக் காய்ச்சல். நாய்களில் ஒட்டும் பழுப்பு நிற உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்னும் நுண்ணுயிரி உடலுக்குள் சென்று வெள்ளை அணுக்களில் குடியேறுகிறது. அதன் விளைவாக, ரத்தம் உறைவதற்குத் தேவையான தட்டணுக்கள் குறைகின்றன. ஆனால் மூக்கில் ரத்தம் வர வேறு காரணங்களும் உண்டு. எலி மருந்தைத் தின்ற நாய்க்கும் வரும், மூக்கினுள் அடிபட்டாலோ கட்டி இருந்தாலோ வரும். ஆகவே இது ஊகத்தை மட்டும் வைத்து நாட்களைக் கடத்தக்கூடிய நிலை அல்ல. ஈறுகள் வெளுத்திருக்கின்றனவா, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசரம் இன்னும் கூடுகிறது. மனிதர்களுக்கான ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். ரத்தம் உறைவதை அவை மேலும் கெடுக்கும்.

மாலையில் தெளிந்து காலையில் படுத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் ஒரே விளக்கம்தான் இருக்கும். காய்ச்சலைத் தணிக்கும் ஊசி சில மணி நேரத்துக்கு உடல் சூட்டைக் குறைக்கிறது. சில இடங்களில் கூடவே ஸ்டீராய்டும் போடப்படுவதால் நாய் எழுந்து சாப்பிடவும் செய்யும். நோய்க்கிருமியை அது தொடுவதில்லை. மணிக்குப் போட்டது அதுதானா என்பதை என்னால் சொல்ல முடியாது, உங்களாலும் சொல்ல முடியவில்லை. நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி அங்கேதான் இருக்கிறது. எந்த மருந்து, எவ்வளவு அளவு, எந்தத் தேதி என்று எழுதித் தராத சிகிச்சையை அடுத்த மருத்துவரால் தொடரவோ மாற்றவோ முடியாது. ஸ்டீராய்டு போடப்பட்டது தெரியாமல் வலி நிவாரணி ஊசி ஒன்றைச் சேர்த்துப் போட்டால் குடலில் புண் ஏற்பட்டு ரத்தம் கசியலாம். ஊசிக்குப் பெயர் கேட்பது அவநம்பிக்கை ஆகாது. அது உங்கள் உரிமை.

கேட்கவேண்டிய மற்ற கேள்விகள் மூன்று. நீங்கள் சந்தேகப்படும் நோய் எது, எந்த அறிகுறியை வைத்து? அதை உறுதிசெய்ய எந்தப் பரிசோதனை, அதை இப்போதே செய்யாவிட்டால் என்ன இழப்பு? இந்த மருந்து வேலை செய்தால் எத்தனை நாளில் என்ன மாற்றம் தெரியவேண்டும், தெரியாவிட்டால் அடுத்து என்ன செய்வோம்? இவற்றில் கடைசிக் கேள்வியையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நோயின் பெயர் உறுதியாகத் தெரியாத நிலையிலும் நேர்மையான மருத்துவரால் இதற்குப் பதில் சொல்ல முடியும். "எனக்கு இன்னும் உறுதியாகத் தெரியவில்லை, மூன்று நாள் பார்ப்போம், குறையாவிட்டால் ரத்தம் எடுப்போம்" என்று சொல்பவர், "சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்பவரைவிட நம்பத்தக்கவர், ஏனெனில் தம் கணிப்பு தவறாகப் போனால் நீங்கள் அதைக் கண்டுகொள்ளும் வழியையும் அவரே உங்கள் கையில் கொடுத்துவிடுகிறார்.

மணியின் நிலையில் இந்தக் கேள்விகளுக்கு எப்படிப்பட்ட பதில் வரவேண்டும் என்று பார்ப்போம். முழு ரத்த எண்ணிக்கை எடுத்தால், பெரும்பாலான ஆரோக்கியமான நாய்களுக்குத் தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை இருக்கும். மணிக்கு அது ஒரு லட்சத்துக்கும் கீழே இருந்தால் உண்ணிக் காய்ச்சல் என்ற சந்தேகம் வலுக்கும். ஆனால் இயந்திரம் தரும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இயந்திரம் குறைத்துக் காட்டும். மனிதர்களுக்கான ஆய்வகத்தில் கொடுத்தால், நாயின் ரத்தத்துக்கு ஏற்ப அமைக்கப்படாத கருவி தவறான எண்ணைத் தரக்கூடும். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் மருத்துவருக்கு இந்தப் பிழை உடனே தெரிந்துவிடும். உண்ணியால் பரவும் இன்னொரு நோயான பபீசியாவின் கிருமி சிவப்பணுக்களுக்குள் இருந்தால் அதுவும் பல சமயம் தெரியும். உடனடி முடிவு தரும் கிட் சோதனைகள், கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுபவை. நோயின் தொடக்கத்தில் அவை "இல்லை" என்று காட்டலாம், குணமான நாய்க்குப் பல மாதங்கள் கழித்தும் "உண்டு" என்று காட்டலாம். ஆகையால் கிட்டின் கோட்டை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல் அறிகுறி, எண்ணிக்கை, தகடு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்ப்பவரே இந்த நோயை அறிந்தவர்.

எர்லிக்கியா என்று முடிவானால் வழக்கமான மருந்து டாக்சிசைக்ளின். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் என்ற கணக்கில், இருபது கிலோ நாய்க்கு 200 மில்லிகிராம். அதை 100, 100 என இரண்டு வேளையாகப் பிரித்து, உணவோடு, 28 நாட்கள் கொடுப்பது வழக்கம். நீங்களாகவே தொடங்குவதற்காக இதைச் சொல்லவில்லை, சீட்டில் வரும் எண்ணைப் படித்துப் புரிந்துகொள்வதற்காகவே சொல்கிறேன். நோயின் ஆரம்ப நிலையில் இந்த மருந்து தொடங்கி ஓரிரண்டு நாட்களில், அதிகபட்சம் மூன்றாம் நாளுக்குள் காய்ச்சல் விட்டுப் பசி திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் நோய் வேறாக இருக்கலாம், கூடவே பபீசியாவும் இருக்கலாம், அல்லது நோய் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் நாட்பட்ட நிலைக்குப் போயிருக்கலாம். அந்த மூன்றாம் நாள்தான் இரண்டாவது கருத்துக்கான நாள். பசி திரும்பியவுடன் ஒரு வாரத்தில் மருந்தை நிறுத்திவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. அப்படி நிறுத்தியதால் நோய் மீண்டும் தலைதூக்கினால் அதற்கு மருத்துவரைக் குறை சொல்ல முடியாது.

பொதுவாக எப்போது இரண்டாவது கருத்து கேட்கலாம் என்பதற்கும் அளவுகோல் இதுவே: சொன்ன கெடு கடந்தும் மாற்றம் இல்லை, அல்லது கெடுவே சொல்லப்படவில்லை. இவை தவிர, அவசரமில்லாத பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்பும், வாழ்நாள் முழுவதும் கொடுக்கவேண்டிய மருந்தைத் தொடங்கும் முன்பும், கருணைக்கொலை பற்றிப் பேச்சு வரும்போதும் இன்னொருவரைக் கேட்பது நியாயமானது. ஆனால் இரண்டாவது கருத்தே ஆபத்தாகும் நேரங்களும் உண்டு. கருத்தடை செய்யப்படாத பெண் நாய் ஒன்றுக்குச் சினைக்கால ரத்தப்போக்கு முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் தண்ணீர்த் தாகம் அதிகரித்து, சோர்ந்து, பிறப்புறுப்பில் சீழ் வடிந்து, ஸ்கேனில் கருப்பையில் சீழ் சேர்ந்திருப்பது தெரிந்தால், இன்னும் இரண்டு பேரைக் கேட்டுவிட்டு அறுவைக்கு வரலாம் என்று வீட்டுக்குத் திரும்பக் கூடாது. வயிறு உப்பி வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் தவிக்கும் பெரிய இன நாய்க்கும் அப்படியே. அங்கே கணக்கு மணி நேரங்களில்.

நம்பகமான மருத்துவரை நோய் வந்த நாளில் தேடுவது கடினம். தடுப்பூசிக்காகப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பி.வி.எஸ்சி. பட்டம் பெற்றுப் பதிவு செய்தவரே கால்நடை மருத்துவம் பார்க்கலாம். சீட்டில் பெயரோடு பதிவு எண் இருக்கவேண்டும். வீட்டுக்கு வந்து ஊசி போடும் உதவியாளரும், செல்லப்பிராணிக் கடைக்காரரும் எவ்வளவு அனுபவம் உள்ளவர்களானாலும் மருத்துவர்கள் அல்லர். அடுத்து, கையைக் கவனியுங்கள். எடை போடாமல் மருந்து எழுதுகிறாரா, வெப்பமானி வைத்துப் பார்க்கிறாரா, ஈறையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் தொட்டுப் பார்க்கிறாரா, தடுப்பூசிக் குப்பியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அதன் ஒட்டியை அட்டையில் ஒட்டுகிறாரா? மாட்டு மருத்துவத்தில் பெரிய தேர்ச்சி உள்ளவர் நாய்களை அதிகம் பார்க்காதவராக இருக்கலாம். அதில் குற்றமில்லை, தமக்கு எட்டாததை எங்கே அனுப்புகிறார் என்பதையே நான் பார்ப்பேன். உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருப்பது பெரிய வசதி. புறநோயாளிகள் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

போகும்போது ஒரு தாளில் காய்ச்சல் தொடங்கிய நாள், ஊசி போட்ட தேதிகள், கடைசியாகச் சாப்பிட்ட நாள், உண்ணி கண்ட இடம், எலி மருந்து வைத்த வீடு அருகில் உண்டா என்பதையெல்லாம் எழுதிக்கொண்டு போங்கள். மூக்கில் ரத்தம் வந்தபோது எடுத்த படம் இருந்தால் அதுவும் உதவும். முதல் மருத்துவரைப் பற்றிய குறையை அங்கே சொல்லவேண்டாம். நடந்ததை மட்டும் சொல்லுங்கள், முதல் கருத்தின் நிழல் விழாமல் புதியவர் தாமாகப் பார்ப்பார்.

பழைய மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம். "டாக்டர், மூக்கில் ரத்தம் வந்ததால் பயந்துவிட்டோம், நாமக்கல்லில் ரத்தம் எடுத்துப் பார்க்கப் போகிறோம், இதுவரை போட்ட ஊசிகளின் பெயரை எழுதித் தாருங்கள்" என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் எழுதித் தருவார்கள். கோபித்துக்கொண்டு மறுத்தால், நம்பகமானவரை எப்படித் தெரிந்துகொள்வது என்ற உங்கள் கேள்விக்கும் அதிலேயே பதில் கிடைத்துவிடும். எழுதித் தந்தவரானால், சோதனை முடிவின் நகலை அவருக்கும் கொடுங்கள். 28 நாள் மருந்தின் இடையில் இரவு பத்து மணிக்கு மணி வாந்தி எடுத்தால் கதவைத் தட்ட அருகில் இருப்பவர் அவர்தான், அப்போது அவருக்கு முழு விவரமும் தெரிந்திருக்கவேண்டும்.