முந்நூறாவது வணக்கம்

கேள்வி: பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையின் முன்கூடத்துக் கவுண்டரில் வேலை செய்கிறேன். நம்பர் கொடுப்பது, எந்த மாடி என்று வழி சொல்வது, பாரத்தைச் சரிபார்ப்பது, இதுதான் வேலை. ஒரு ஷிஃப்டில் முந்நூறு பேராவது வருவார்கள். காலையில் மனதார 'செலாமாட் பாகி' சொல்கிறேன். மதியத்துக்கு மேல் முகம் மட்டும் சிரிக்கிறது, நான் உள்ளே இல்லை. வீட்டுக்கு வந்தால் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. "வெளியாளுங்ககிட்ட சிரிக்கிறே, எங்ககிட்ட மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிறே" என்கிறார் அம்மா. நான் போலியாகிவிட்டேனா? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: இல்லை. போலியான ஆளுக்கு இந்தக் கேள்வியே வராது.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷைல்ட் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-இல் எழுதியது உங்கள் கவுண்டருக்கும் பொருந்தும். எரிச்சலை உள்ளே வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் மலர வைப்பது ஒரு வகை. எதிரில் இருப்பவரின் நிலையை யோசித்து, உணர்ச்சியையே கொஞ்சம் நகர்த்திக்கொள்வது இன்னொரு வகை. அவருக்குப் பின் வந்த ஆய்வுகள் பலவும், ஆளை அதிகம் களைப்பாக்குவது முதல் வகைதான் என்கின்றன. உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக எட்டு மணி நேரம் முகத்தைக் காவல் காப்பதுதான் உங்களை வீட்டில் ஊமையாக்குகிறது.

அதனால் முதலில் சிரிப்பைக் குறையுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. முந்நூறு பேருக்கும் ஒரே அளவு சிரிப்பு யாராலும் முடியாது, வருகிறவர்களுக்கும் அது வேண்டியதில்லை. ஸ்கேன் எங்கே எடுப்பது என்று கேட்பவருக்கு வேண்டியது வழி. கணினித் திரையைப் பார்த்தபடி, பல் தெரியச் சிரித்து "ஆமா, சொல்லுங்க" என்பதைவிட, சிரிக்காமல் ஒரு விநாடி நிமிர்ந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவது அவருக்கு அதிக ஆறுதல். அந்த ஒரு விநாடியில் அவரைப் பற்றி ஏதாவது ஒன்றைக் கவனியுங்கள்: கையில் எக்ஸ்ரே உறை, ஈரமான குடை, மகளின் தோளைப் பிடித்திருக்கும் விதம். அதற்கேற்ப ஒரு சொல் சேர்த்தால் போதும். "லிஃப்ட் இந்தப் பக்கம், படி ஏற வேண்டாம்." முந்நூறு பேரிடமும் இது வராது. பத்தில் மூன்று பேரிடம் வந்தாலே பெரிய விஷயம். மற்றவர்களுக்கு வெறும் மரியாதை போதும், அது பொய் ஆகாது.

மதியத்துக்கு மேல் உண்மையிலேயே கெடுப்பது கூட்டமா, கோபக்காரர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான். இப்படி ஒன்று நடப்பதாக எடுத்துக்கொள்வோம். மேடானிலிருந்து தாயை அழைத்து வந்த ஒருவர், இரண்டு மணி நேரமாக ரிப்போர்ட் வரவில்லை என்று மேசையில் தட்டுகிறார். பழக்கத்தில் நீங்கள் சிரித்தபடி "சபார் யா, பாக்" என்பீர்கள். அங்கேதான் தீ பற்றும். கொதித்து நிற்பவருக்குச் சிரிப்பு கேலியாகத் தெரியும், பொறுமையாக இருக்கச் சொல்வது அவர் கோபமே தப்பு என்பதுபோல் கேட்கும்.

அங்கே சிரிப்பை இறக்கிவிடுங்கள். குரலையும் தாழ்த்தி, நிதானமாகப் பேசுங்கள். "இரண்டு மணி நேரம் ஆயிற்று, அம்மாவும் களைத்துப் போயிருக்கிறார், தெரிகிறது" என்று அவருடைய புகாரையே அவருக்குத் திருப்பிச் சொல்லுங்கள். மன்னிப்பை அடுக்க வேண்டாம், தாமதம் உங்களால் வந்ததில்லை. அப்புறம் ஒரு நேரம் சொல்லுங்கள்: "லேப்பில் கேட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் நானே வந்து சொல்கிறேன்." ரிப்போர்ட் தயாராகாவிட்டாலும் பத்தாவது நிமிடம் போய், இன்னும் ஆகவில்லை என்றாவது சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் அதிலேயே அடங்கிவிடுவார்கள். அடங்காமல் வசைபாடுகிறவர் இருப்பார், அவரைச் சூப்பர்வைசரிடம் ஒப்படையுங்கள். திட்டு வாங்குவது உங்கள் வேலையில் சேர்த்தியில்லை.

அவர் நகர்ந்ததும் உடனே அடுத்த நம்பரை அழுத்தாதீர்கள். இதைத்தான் கவுண்டர்க்காரர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். மேசையில் தட்டியவர் போய்விட்டார், ஆனால் அவர் கிளப்பிவிட்ட படபடப்பு அடுத்து வரும் அப்பாவிக் கிழவியின் மேல் விழும். குனிந்து பாரங்களை அடுக்குங்கள், ஒரு மடக்கு தண்ணீர் குடியுங்கள், மூச்சை இழுத்ததைவிட நீளமாக இரண்டு மூன்று முறை வெளியே விடுங்கள். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்தான்.

நம்மவர்களால் வரும் களைப்பும் ஒன்று உண்டு, அதை நீங்கள் எழுதவில்லை. தமிழ் முகத்தைக் கண்டதும் "நம்ம பிள்ளைதானே" என்று வரிசையைத் தாண்டி வருவார்கள், பேச்சை நீட்டுவார்கள். மறுத்தால் திமிர் என்பார்கள். "அங்கிள், உட்காருங்க, உங்க நம்பர் வந்ததும் நானே கூப்பிடுறேன்" என்று உறவையும் விதியையும் ஒரே வாக்கியத்தில் வைத்துவிடுங்கள். சொன்னபடி கூப்பிடவும் வேண்டும்.

சரி, வீடு. அம்மாவிடம் சண்டை வேண்டாம், விளக்கமும் நீள வேண்டாம். "வந்ததும் அரை மணி நேரம் என்னிடம் எதுவும் கேட்காதீங்க, அப்புறம் சேர்ந்து சாப்பிடலாம்" என்று, களைப்பில்லாத ஒரு நாளில் சொல்லி வையுங்கள். ஃபெரியில்தான் வருகிறீர்கள் என்றால் அந்தக் கால் மணி நேரத்தில் வேலையிடத்து வாட்ஸ்அப் குழுவைத் திறக்காதீர்கள். உடல் ஜெட்டிக்கு வந்த பிறகும் மனம் கவுண்டரிலேயே உட்கார்ந்திருப்பதற்கு அந்தக் குழு ஒரு முக்கியக் காரணம்.

உங்களால் மட்டும் தீராத பங்கும் இருக்கிறது. 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60A பிரிவுப்படி, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவே குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும். விடாமல் ஆள் இருக்க வேண்டிய வேலை என்று சொல்லி எட்டு மணி நேரம் தொடர வைத்தாலும், அதற்குள் சாப்பிட மொத்தம் 45 நிமிடமாவது உண்டு. அந்த ஓய்வைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று ரொட்டி கடித்துக் கழிக்காதீர்கள். யாரும் உங்களைப் பார்க்காத இடத்தில் உட்காருங்கள், முகத்துக்கும் ஓய்வு வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனித்து வாருங்கள். களைப்பு இரவுத் தூக்கத்தில் தீர்ந்தால் அது சாதாரணக் களைப்பு. விடுமுறை முடிந்தும் தீராமல், நோயாளிகளைக் கண்டால் வெறுப்பு வந்து, பின்னறையில் அவர்களைக் கேலி பேசுவதில் மட்டும் சுகம் தெரிந்தால், அது வேறு, 'பர்ன்அவுட்' என்பார்கள். உலகச் சுகாதார நிறுவனம் அதை நோய் என்று வகைப்படுத்தவில்லை, சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்கிறது. அதாவது வேலை நடக்கும் விதத்தைத்தான் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும். தூக்கமும் பசியும் சேர்ந்து கெட்டால் கிளினிக் கெசிஹாத்தானில் மருத்துவரைப் பாருங்கள்.

சூப்பர்வைசரிடம் "ஸ்ட்ரெஸ்ஸாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொன்னால் "எல்லாருக்கும்தான்" என்ற பதில்தான் வரும். குறிப்பாகக் கேளுங்கள்: மதியத்துக்குப் பின் ஒரு மணி நேரம் பின்னறையில் ஃபைல் வேலை, அந்த நேரத்தில் அங்கிருப்பவர் கவுண்டரில். இருவர் பெயரையும் எழுதிய அட்டவணையோடு, கூட்டம் குறைவான ஒரு நாளில் போங்கள். இரண்டு வாரம் சோதனைக்கு என்று கேட்டால் மறுப்பது அவருக்குக் கொஞ்சம் கஷ்டம்.