ஏ.என்.பி. கோணத்தை எவ்வளவு நம்பலாம்? – பல் சீரமைப்பு கேள்வி-பதில்

பெங்களூரு அல்சூரில் பல் சீரமைப்பு மருத்துவராக இருக்கிறேன். பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வந்ததால் அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

என் மகளுக்கு 13 வயது. ஒரே எக்ஸ்ரேயைப் பார்த்து ஒரு மருத்துவர் ஏ.என்.பி. 4 டிகிரி என்றார், இன்னொருவர் 2 டிகிரி என்றார். யாரை நம்புவது? – ஒரு தாய், ஸ்ரீராமபுரம்

இருவரும் நேர்மையாக அளந்திருந்தாலும் இந்த வேறுபாடு வரும். மூக்கின் வேரில் நெற்றி எலும்பும் மூக்கெலும்பும் சேரும் தையலின் முன்முனைக்கு நேசியான் என்று பெயர். மேல்தாடை எலும்பின் முன்பக்க வளைவு மிக உள்வாங்கிய இடம் ஏ புள்ளி, கீழ்த்தாடையில் அதேபோன்ற இடம் பி புள்ளி. நேசியானிலிருந்து இந்த இரண்டுக்கும் கோடு இழுத்தால் இடையே கிடைப்பதுதான் ஏ.என்.பி. கோணம். ஸ்டெய்னர் 1953-இல் வெளியிட்ட அளவுகளில் இது சுமார் 2 டிகிரி. கூடினால் கீழ்த்தாடை பின்தங்கியிருக்கிறது என்று படிப்போம்.

உங்கள் மகளின் வயதில் நேசியானிலிருந்து ஏ புள்ளி ஏறக்குறைய 57 மி.மீ. கீழே, பி புள்ளி 97 மி.மீ. கீழே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏ புள்ளியை ஒரு மி.மீ. முன்னால் வைத்தால் கோணம் ஒரு டிகிரி கூடும். பி புள்ளியை ஒரு மி.மீ. பின்னால் வைத்தால் இன்னும் 0.6 டிகிரி கூடும். பென்சில் கோட்டின் தடிமனைவிடச் சற்றே அதிகமான இரண்டு பிசகுகளிலேயே 1.6 டிகிரி வந்துவிட்டது. அதனால் '4-ஆ 2-ஆ' என்று கேட்பதை விட்டு, இருவரும் எந்தச் சிகிச்சையைச் சொன்னார்கள், முகத்தையும் பற்களின் கடியையும் பார்த்து எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேளுங்கள். இரண்டு டிகிரியை மட்டும் வைத்துச் சிகிச்சையை மாற்றினால் எனக்கு உடன்பாடில்லை.

ஏ புள்ளியை நான் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் வைக்கிறேன். உறுதியாகக் கண்டுபிடிக்க வழி உண்டா? – முதுநிலை மாணவி

அந்த வளைவு ஆழமில்லாதது. அதனால் 'மிக ஆழமான இடம்' மேலும் கீழுமாக இரண்டு மூன்று மி.மீ. தள்ளிப்போவது இயல்பு. ஆனால் அந்தத் திசையில் பிசகினால் ஏ.என்.பி. பெரிதாக மாறாது, ஏனெனில் நேசியானிலிருந்து இழுக்கும் கோடு கிட்டத்தட்ட அதே திசையில்தான் இறங்குகிறது. முன்னும் பின்னும் பிசகினால்தான் கோணம் குலையும். எனவே உங்கள் கவனம் முழுவதும் எலும்பின் வெளிக்கோட்டில் இருக்கட்டும்.

லைட் பாக்ஸில் படத்தை வைத்து, சுற்றிலும் வழியும் வெளிச்சத்தைக் கறுப்புத் தாளால் மறையுங்கள். கணினித் திரையானால் அந்தப் பகுதியின் மாறுபாட்டைக் கூட்டுங்கள். முன்மூக்கு முள்ளின் மெல்லிய நுனியிலிருந்து மேல் முன்பல்லின் எலும்பு விளிம்புவரை பென்சிலை எடுக்காமல் ஒரே கோடாக இறக்குங்கள். இடையில் கன்னத்தின் மென்மையான நிழல் குறுக்கிடும். அதை எலும்பு என்று எண்ணிப் பின்தொடர்வதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. முன்பல் வேர் எலும்பின் வெளிக்கோட்டை மறைத்துவிட்டால், வேரின் மேல் மூன்றில் ஒரு பங்கும் நடுப்பங்கும் சந்திக்கும் இடத்திலிருந்து 3 மி.மீ. முன்னால் புள்ளி வைப்பது பழைய மாற்று வழி. அது தோராயமே என்பதைத் தாளின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

ஒரு வாரம் கழித்து, முதல் வரைபடத்தைப் பார்க்காமல் மறுபடி வரைந்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். உங்கள் கை எங்கே தடுமாறுகிறது என்று அப்போது தெரியும்.

12 வயதுச் சிறுமி. மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களைத் தாண்டி 8 மி.மீ. முன்னால் நிற்கின்றன. பக்கவாட்டில் முகவாய் பின்தங்கியே தெரிகிறது. ஆனால் எஸ்.என்.ஏ. 78, எஸ்.என்.பி. 76, ஏ.என்.பி. 2. எங்கே தவறு செய்தேன்? – முதுநிலை மாணவர்

நீங்கள் அனுப்பிய படத்தை நானே வரைந்தேன். புள்ளிகள் சரியாகவே இருக்கின்றன. மேல் முன்பற்களின் சாய்வு மேலண்ணத் தளத்துக்கு 110 டிகிரி, அது இயல்பு. ஆக அந்த 8 மி.மீ. இடைவெளி மேல் பற்கள் சரிந்ததால் வந்ததல்ல. பிறகு மண்டையோட்டின் அடியில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கும் குழியின் நடுப்புள்ளியான செல்லாவுக்கும் நேசியானுக்கும் இடையிலான நீளத்தை அளந்தேன். அந்தக் கோட்டுக்கும் நேசியானிலிருந்து ஏ புள்ளிக்கு இறங்கும் கோட்டுக்கும் இடையே உள்ளது எஸ்.என்.ஏ., பி புள்ளிக்கு இறங்கும் கோட்டோடு உள்ளது எஸ்.என்.பி., இரண்டின் வித்தியாசமே ஏ.என்.பி. இதே வயதுச் சிறுமிகளின் படங்களில் நான் வழக்கமாகக் காண்பதைவிட 5 மி.மீ. அதிகம். இவளுக்கு நேசியான் முன்னால் தள்ளி இருக்கிறது.

முன்சொன்ன தொலைவுகளையே வைத்துக் கணக்கிடுங்கள். நேசியான் 5 மி.மீ. முன்னால் போனால் எஸ்.என்.ஏ. ஏறக்குறைய 5 டிகிரி குறையும். பி புள்ளி தொலைவில் இருப்பதால் எஸ்.என்.பி. 3 டிகிரிதான் குறையும். தாடைகள் இருந்த இடத்திலேயே இருக்க, ஏ.என்.பி. 2 டிகிரி சுருங்கிவிடுகிறது. அந்த 5 மி.மீ.யைத் திருப்பிக் கொடுத்தால் எஸ்.என்.ஏ. 83, எஸ்.என்.பி. 79, ஏ.என்.பி. 4. முகம் சொல்வதும் அதுவே. செல்லா மட்டும் மேலோ கீழோ இருந்தால் நிலைமை வேறு. அப்போது எஸ்.என்.ஏ., எஸ்.என்.பி. இரண்டும் சம அளவில் மாறும், ஏ.என்.பி. மாறாது.

இப்படிப்பட்ட இடத்தில் ஜேக்கப்சன் 1975-இல் முன்வைத்த விட்ஸ் அளவு கைகொடுக்கும். முன்பற்களை விட்டுவிட்டு, கடைவாய்ப் பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் ஒன்றோடொன்று கடிக்கும் நடுக்கோட்டை வரையுங்கள். ஏ, பி புள்ளிகளிலிருந்து அதற்குச் செங்குத்துக் கோடுகள் இறக்குங்கள். அவை விழும் இடங்களுக்கு இடையிலான தொலைவே விட்ஸ் அளவு. இவளுக்கு ஏ புள்ளியின் கோடு பி புள்ளியின் கோட்டைவிட 5 மி.மீ. முன்னால் விழுகிறது. பெண்களுக்குச் சராசரி 0, ஆண்களுக்கு −1. இதில் நேசியானுக்கு வேலையே இல்லை.

அதற்காக விட்ஸ் அளவையும் கண்மூடி ஏற்காதீர்கள். ஏ-க்கும் பி-க்கும் இடையே 40 மி.மீ. என்றால், கடிக்கோடு ஒரு டிகிரி சாய்ந்தாலே அளவு 0.7 மி.மீ. மாறும். முன்கடைவாய்ப் பற்கள் முளைக்காத குழந்தைகளிடமும் பின்பற்களும் கடிக்காத திறந்த கடியிலும் அந்தக் கோட்டை உறுதியாக வரைய முடியாது. இவளுக்குப் பற்கள் முளைத்து நன்றாகக் கடிக்கின்றன, அதனால் நம்புகிறேன். கழுத்தெலும்புகளில் வளர்ச்சி மீதமிருப்பது தெரிந்தால், பல் பிடுங்கி மேல் பற்களைப் பின்னிழுக்கும் உங்கள் திட்டத்தை ஒத்திவைத்து, கீழ்த்தாடையை முன்னே வைத்துக் கடிக்கச் செய்யும் ஃபங்ஷனல் கருவியை முதலில் யோசியுங்கள்.

திரையில் காட்டும் மி.மீ. அளவை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? – விவேக் நகர் வாசகர்

கூடாது. எக்ஸ்ரே குழாயிலிருந்து தலையின் நடுக்கோடு 5 அடி. அங்கிருந்து படம் 15 செ.மீ. தள்ளி இருந்தால் நிழல் சுமார் 10 சதவீதம் பெரிதாகும். கோணங்களை அது பாதிக்காது, விட்ஸ் போன்ற நீள அளவுகளைப் பாதிக்கும். படத்தில் மூக்குக்கு முன்னால் தெரியும் அளவுகோலின் இரண்டு குறிகளைச் சொடுக்கி முதலில் அளவைச் சரிசெய்யுங்கள்.

கீழ்த்தாடை விளிம்பு இரண்டு கோடுகளாகத் தெரிகிறது. எதை வரைவது? – முதுநிலை மாணவர்

இரண்டையும் மெல்லிதாக வரைந்து, நடுவில் மூன்றாவது கோட்டை இழுங்கள். அளப்பது அதில்தான். இரண்டு கோடுகளும் வெகுவாக விலகியிருந்தால், படம் எடுக்கும்போது தலை திரும்பியிருந்ததா, முகமே ஒருபக்கம் கோணலா என்று நேரில் பார்த்த பிறகு அளவைத் தொடருங்கள்.