அட்மின் போய்விட்டார், கம்பெனி மெயில் யார் கையில்?

“எங்க கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு ஒரே அட்மின், அவர் வேலையை விட்டுப் போயிட்டார். பாஸ்வேர்டு தெரியாது. எப்படித் திரும்ப எடுப்பது?”

முதலில் அவருக்கே ஒரு போன் போட்டுப் பாருங்கள், பாதி கேஸ் அதிலேயே முடிந்துவிடும்.

முடியவில்லையா, சரி. நீங்கள்தான் முதலாளி என்பதை விட டொமைன் உங்கள் கையில் இருக்கிறதா என்றுதான் கூகுள் பார்க்கும். அட்மின் மீட்புப் படிவத்தை நிரப்பினால் ஒரு எண் தருவார்கள், அதை உங்கள் டொமைனின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் ஒரு ரெக்கார்டாகப் போடச் சொல்வார்கள். டிஎன்எஸ்ஸை மாற்ற டொமைனை ஆள்பவரால்தான் முடியும், அந்த ரெக்கார்டை யார் வேண்டுமானாலும் வெளியிலிருந்து படிக்கலாம், அவ்வளவுதான் சான்று.

பலர் சறுக்குவது, ரெக்கார்டைத் தவறான இடத்தில் போடுவதில். டொமைன் வாங்கிய இடம் ஒன்று, டிஎன்எஸ் ஓடுவது வேறொன்றாக இருக்கலாம். முதலில் கமாண்ட் விண்டோவில், example.com இடத்தில் உங்கள் டொமைனைப் போட்டு, இதை ஓட்டிப் பாருங்கள்:

```
nslookup -type=ns example.com
```

வரும் பெயர்கள் யாருடையதோ, அங்கேதான் சேர்க்க வேண்டும். அப்புறம், மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பழைய MX ரெக்கார்டைத் தொடாதீர்கள், தொட்டால் வருகிற மெயிலும் நின்றுவிடும்.

என் பழைய கம்பெனியில் வேறு சிக்கல்: டொமைன் கணக்கின் மெயிலே பூட்டிய அதே முகவரி! டொமைன் விற்ற நிறுவனத்திடம் பில், பதிவுச் சான்றிதழ் எல்லாம் அனுப்பி அந்தக் கணக்கை மீட்ட பிறகுதான் கூகுள் பக்கமே போக முடிந்தது.